மூடப்படாத மூன்று வரிகள்

2005ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் வாஷிங்டனில் ஒரு குழு தன் இறுதிப் பொதுக்கூட்டத்தை நடத்தியது. கொலம்பியா விண்ஓடம் சிதறிய பிறகு, அடுத்த ஓடம் பறப்பதற்கு முன் செய்தே தீரவேண்டியவை என்று விசாரணை வாரியம் 15 பரிந்துரைகளைக் குறித்திருந்தது. நாசா அவற்றைச் செய்து முடித்ததா என்று பார்த்துச் சொல்வதுதான் இந்தப் பணிக்குழுவின் வேலை. தலைமை வகித்த இருவருமே விண்வெளிக்குப் போய் வந்தவர்கள். தாமஸ் ஸ்டாஃபோர்டு அப்போலோ 10இன் தளபதி. ரிச்சர்டு கவி, சேலஞ்சர் விபத்துக்குப் பிறகு 1988இல் முதலில் பறந்த ஓடத்தின் விமானி. அதாவது, முந்தைய விபத்தின் திருத்தங்களை நம்பித் தன் உயிரை வைத்துப் பறந்தவர்.

குழுவின் தீர்ப்பு: 12 பரிந்துரைகள் நிறைவேறின, 3 முழுமையாக நிறைவேறவில்லை. ஏவுதலுக்கு நாள் குறித்தாயிற்று. இரண்டரை ஆண்டு உழைப்பும் பெரும் பணமும் அதில் போயிருந்தன. இருந்தும் அந்த மூன்று வரிகளை நிறைவேறியவற்றோடு சேர்த்துவிடக் குழு மறுத்தது. விட்டுப்போன மூன்றும் ஓரத்து விஷயங்கள் அல்ல. தொட்டியிலிருந்து நுரை பெயர்வதை நிறுத்துவது, ஓடம் சிறு அடிகளைத் தாங்கும்படி அதை வலுப்படுத்துவது, அடிபட்டால் விண்வெளியிலேயே பரிசோதித்துப் பழுதுபார்ப்பது. ஏழு பேரைக் கொன்ற காரணத்தை நேரடியாகத் தொடுபவை இவை மூன்றும்தான்.

நம் தொழிற்சாலைகளில் இந்த வேலைக்கு இருக்கும் சொல், ‘பாயிண்ட்டை குளோஸ் பண்ணுவது’. விபத்து நடக்கும், விசாரணை நடக்கும், இருபதோ முப்பதோ ‘பாயிண்ட்’ வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு கெடு. அடுத்த ஆடிட் நெருங்கும்போது எக்செல் அட்டவணையில் சிவப்புக் கட்டங்கள் மளமளவென்று பச்சையாகும். கடைசியில் ஒரு முடிப்பறிக்கை எழுதப்படும். அதை எழுதியவர், படிப்பவர், கையெழுத்துப் போடுபவர் எல்லோரும் ஒரே வாக்கியத்துக்காகக் காத்திருப்பார்கள்: அனைத்தும் முடிக்கப்பட்டன. அந்த வாக்கியம் இல்லாமல் முடிந்த அறிக்கை என்பதால்தான் ஸ்டாஃபோர்டு - கவி குழுவின் அறிக்கையைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. முடிப்பறிக்கை என்பது எதை நிரூபிக்க வேண்டும், எதை நிரூபிக்க முடியாது என்ற கேள்வியை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் வேறொரு வழக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

*

கதை விபத்துக்கு முன்பே தொடங்குகிறது, அதுவும் ஒரு மூடப்படாத வரியில்.

விண்ஓடத்தின் வயிற்றோடு ஒட்டியிருக்கும் ஆரஞ்சு நிறப் புறத்தொட்டி ஏறக்குறைய 47 மீட்டர் உயரம். உள்ளே திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்சிஜனும் கடுங்குளிரில் இருக்கும். வெளிப்பரப்பில் பனிக்கட்டி பிடித்துவிடாமல் இருக்கத் தொட்டி முழுக்க நுரைப் பூச்சு போட்டிருப்பார்கள். பெரும்பகுதியை இயந்திரம் தெளிக்கும். மேடு பள்ளமான இடங்களில் மட்டும் தொழிலாளர்கள் கையால் தெளித்து, இறுகிய பிறகு கத்தியால் செதுக்கி வடிவம் கொடுப்பார்கள். ஓடத்தின் மூக்கைத் தொட்டியோடு பிணைக்கும் இருகால் தாங்கியின் அடியில் இப்படிச் செதுக்கிய சாய்வுகள் இரண்டு இருந்தன. இடப்பக்கச் சாய்விலிருந்து நுரை பெயர்ந்து விழுவது 1983 முதலே அவ்வப்போது நடந்துவந்தது.

2002 அக்டோபரில் அட்லாண்டிஸ் கிளம்பியபோது அந்தச் சாய்விலிருந்து ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு போய், பக்கவாட்டு ராக்கெட்டின் அடிப்பகுதியில் மோதிக் குழி போட்டது. இதைப் ‘பறப்பில் நேர்ந்த கோளாறு’ என்று வகைப்படுத்தியிருந்தால், அடுத்த ஓடம் கிளம்புவதற்குள் காரணம் கண்டு தீர்த்திருக்க வேண்டும். அப்படி வகைப்படுத்தவில்லை. ‘நடவடிக்கை’ என்ற கீழ்ப்படிப் பட்டியலில் சேர்த்து, ஒருவர் பொறுப்பில் விட்டு, ஒரு தேதி கொடுத்தார்கள். அந்தத் தேதி வருவதற்குள் நவம்பரில் அடுத்த ஓடம் போய்விட்டது. பிறகு தேதியே 2003 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது, கொலம்பியா திரும்பி வரவேண்டிய நாளுக்கும் அப்பால்.

எங்கே கோணல் விழுந்தது என்று பார்க்க வேண்டும். யாரும் பொய் எழுதவில்லை. அட்டவணையில் அந்த வரி திறந்தே இருந்தது, பொறுப்பாளர் இருந்தார், கெடுவும் இருந்தது. ஆனால் அது திறந்திருந்ததால் எந்த வேலையும் நிற்கவில்லை. திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் ஓடம் கிளம்பும் என்றால், அந்த வரிக்கு அர்த்தம் ஏதுமில்லை. முடிப்பறிக்கை எழுத உட்காருபவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: இந்த வரி மூடப்படாவிட்டால் எது நிற்கும்? எதுவும் நிற்காது என்பது பதிலானால், தேதி தள்ளிப்போய்க்கொண்டேதான் இருக்கும்.

2003 ஜனவரி 16 அன்று கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரோடு கொலம்பியா கிளம்பியது. எண்பத்திரண்டாவது வினாடியை ஒட்டி, அதே இடப்பக்கச் சாய்விலிருந்து முக்கால் கிலோ அளவுள்ள நுரை பெயர்ந்து இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதி ஓட்டை போட்டது. பிப்ரவரி 1 அன்று வளிமண்டலத்துக்குள் இறங்கும்போது அந்த ஓட்டை வழியே வெப்பம் உள்ளே புகுந்தது.

நுரையால் இறக்கையை உடைக்க முடியும் என்று பொறியாளர்களில் பலர் அப்போதும் நம்பவில்லை. அதனால் ஜூலை 7 அன்று சான் அன்டோனியோவில் ஒரு சோதனை செய்தார்கள். உண்மையான இறக்கை விளிம்புத் தகடு ஒன்றை நிறுத்தி, அதே எடையுள்ள நுரைக்கட்டியை, அது அன்று மோதியதாகக் கணக்கிட்ட வேகத்தில், மணிக்கு சுமார் 850 கிலோமீட்டரில், வாயுத் துப்பாக்கியால் சுட்டார்கள். தகட்டில் ஒரு மனிதத் தலை நுழையும் அளவுக்கு, கிட்டத்தட்ட 40 சென்டிமீட்டர் அகலத்தில் ஓட்டை விழுந்தது. அதன் பிறகு வாதம் நடக்கவில்லை. விபத்தின் காரணத்தை நிரூபிக்க இப்படியொரு சோதனை தேவைப்பட்டது என்றால், அந்தக் காரணம் நீங்கிவிட்டது என்று நிரூபிக்கவும் இதற்கு ஈடான ஏதோ ஒன்று தேவைப்படும். பெரும்பாலான முடிப்பறிக்கைகள் சறுக்குவது இங்கேதான். காரணத்தைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வரை போவார்கள். தீர்வை உறுதிப்படுத்த ஒரு புகைப்படமும் ஒரு கையெழுத்தும் போதும் என்று நினைப்பார்கள்.

*

விசாரணை வாரியத்தின் அறிக்கை 2003 ஆகஸ்டில் வந்தது. மொத்தம் 29 பரிந்துரைகள், அதில் 15 அடுத்த பறப்புக்கு முன் முடிக்கவேண்டியவை. அந்தப் பதினைந்தையும் வரிசையாகப் படித்தால், ஒரு பரிந்துரையை மூட முடியுமா முடியாதா என்பது அது எழுதப்பட்ட விதத்திலேயே பாதி தீர்மானமாகிவிட்டது தெரியும்.

ஒன்று இப்படி. ஓடம் கிளம்பியதிலிருந்து குறைந்தது பக்கவாட்டு ராக்கெட்டுகள் கழன்று விழும் வரை, பயன்படக்கூடிய படக்காட்சி குறைந்தது மூன்று கோணங்களிலிருந்து கிடைக்கும்படி படமெடுப்பு ஏற்பாடுகளை மேம்படுத்த வேண்டும். இதில் எண் இருக்கிறது, தொடக்கமும் முடிவும் இருக்கின்றன. கேமராக்களை வைத்துவிட்டு, எந்தக் கணத்தில் எத்தனை கோணங்கள் கிடைக்கின்றன என்று எவரும் எண்ணிப் பார்த்துவிடலாம். மூடுவது எளிது, மூடியதைச் சரிபார்ப்பதும் எளிது.

இன்னொன்று, சுதந்திரமான தொழில்நுட்ப அதிகாரம் ஒன்றை அமைப்பது தொடர்பானது. பறப்புக்கு முன் கேட்கப்பட்டது அதற்கான விரிவான திட்டத்தைத் தயாரிப்பது மட்டும். ஒரு நிறுவனத்தின் அதிகாரக் கட்டமைப்பை ஓரிரு ஆண்டில் மாற்ற முடியாது என்று வாரியத்துக்குத் தெரியும். ஆகவே அந்தக் கோரிக்கையில் நியாயம் உண்டு. ஆனால் அந்த வரி மூடப்பட்டபோது உண்மையில் மூடப்பட்டது ஒரு ஆவணம். திட்டம் எழுதப்பட்டதா என்பதற்குச் சாட்சி கிடைக்கும். அதிகாரம் மாறியதா என்பதற்கு அந்த வரி சாட்சி சொல்லாது. முடிப்பறிக்கை இந்த இடைவெளியை வெளிப்படையாக எழுத வேண்டும். எழுதாவிட்டால், ஐந்து ஆண்டு கழித்து அதைப் படிப்பவர் வேலையே முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார்.

மூன்றாவதுதான் முள். தொட்டியின் நுரைப் பூச்சிலிருந்து துண்டுகள் பெயர்வது அனைத்தையும் அதன் மூலத்திலேயே ஒழிக்கும் தீவிரமான பணியைத் தொடங்க வேண்டும் என்றது பரிந்துரை 3.2-1. ‘தொடங்க வேண்டும்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டால் அதை 2003லேயே மூடியிருக்கலாம், பணி அப்போதே தொடங்கிவிட்டது. ‘அனைத்தையும் ஒழிக்கும்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டால் அதை ஒருபோதும் மூட முடியாது. குளிர்ந்து சுருங்கும் உலோகத்தின்மேல் ஒட்டிய நுரை, அதிர்ந்துகொண்டு மேலே பாயும் தொட்டி, இரண்டும் சேர்ந்தால் ஏதாவது பெயரும். பணிக்குழு இரண்டு சொற்களையும் பிடித்துக்கொள்ளவில்லை. வாரியம் இந்த வரியை எழுதியது எதற்காக என்று கேட்டது. ஓடத்தைக் கொல்லும் அளவுள்ள துண்டு எதுவும் பெயரக்கூடாது என்பதற்காக. அப்படிப் பெயராது என்று காட்ட நாசாவிடம் சான்று இருக்கிறதா? இருகால் தாங்கியின் நுரைச் சாய்வுகளை எடுத்துவிட்டு, பனி பிடிக்காமலிருக்க மின்சூடேற்றிகளைப் பொருத்தியிருந்தார்கள். அது நல்ல திருத்தம். ஆனால் தொட்டியின் மற்ற இடங்களிலிருந்து என்ன அளவில் என்ன பெயரும், ஓடம் எவ்வளவு தாங்கும் என்ற இரண்டு கணக்குகளும் உறுதியாகச் சேரவில்லை. வரி திறந்தே இருந்தது.

*

மூடப்பட்ட 12 வரிகளை நாசா எப்படி மூடியது? ஒவ்வொரு பரிந்துரைக்கும் ஒரு சான்றுக் கட்டு தயாரித்துப் பணிக்குழுவிடம் கொடுத்தது. பரிந்துரையின் சொற்கள், அதற்கு நாசா எடுத்துக்கொண்ட பொருள், செய்த வேலை, அதற்கான ஆதாரம், எல்லாம் ஒரே கட்டில். பணிக்குழு உறுப்பினர்கள் அதைப் படித்தார்கள், கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள், வேலை நடக்கும் இடங்களுக்குப் போய்ப் பார்த்தார்கள். வேலையைச் செய்தவர் ஒருவர், அது முடிந்தது என்று ஏற்றுக்கொள்பவர் இன்னொருவர் என்பது இதன் அச்சாணி.

ஆதாரம் என்றால் என்ன என்பதைப் பார்க்க மிகச் சாதாரணமான பரிந்துரை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். தொட்டியை இறுதியாக மூடும் பணிகளிலும், தொட்டியின் நடுப்பகுதியில் கையால் நுரை தெளிக்கும் பணியிலும் குறைந்தது இரண்டு பேர் உடனிருக்க வேண்டும் என்றது 4.2-3. படித்தால் ஒரு நிமிடத்தில் மூடிவிடலாம் போலத் தோன்றும். செயல்முறைத் தாளில் ‘இரண்டு பேர்’ என்று திருத்தினால் முடிந்தது. இந்த வரியை மூடும் பொறுப்பு என்னிடம் இருந்தால் எத்தனை படி ஏற வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

முதற்படி, திருத்திய செயல்முறைத் தாள். புதிய பதிப்பு எண்ணோடு, அங்கீகரித்தவரின் கையெழுத்தோடு. இது நாம் என்ன செய்ய விரும்புகிறோம் என்பதை மட்டும் காட்டும். பழைய பதிப்பின் பிரதிகள் தெளிப்புக் கூடத்தில் இன்னும் கிடக்கின்றனவா என்று பார்க்காவிட்டால் அதையும் முழுதாகக் காட்டாது.

இரண்டாம் படி, பயிற்சிப் பதிவு. யார் யாருக்குச் சொல்லப்பட்டது, இரவு ஷிப்டுக்கும் சொல்லப்பட்டதா, ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு? வருகைத்தாளில் கையெழுத்து இருப்பதால் மட்டும் புரிந்தது என்றாகாது. ‘இரண்டாவது ஆள் எதற்கு?’ என்று தெளிப்பவரிடமே கேட்டால் தெரிந்துவிடும். கையெழுத்துப் போடுவதற்கு என்று அவர் சொன்னால் வரி இன்னும் திறந்துதான் இருக்கிறது.

மூன்றாம் படி, நடந்ததற்கான சான்று. மாற்றத்துக்குப் பிறகு தெளித்த தொட்டிகளின் பணிப்பதிவுகளில் இரண்டு பெயர்கள் இருக்க வேண்டும். எந்தப் பதிவுகளைப் பார்ப்பது என்பதைச் சரிபார்ப்பவர் தேர்ந்தெடுக்க வேண்டும். பொறுப்பாளர் எடுத்துக் கொடுக்கும் மூன்று தாள்கள் எப்போதும் அழகாக இருக்கும். அந்தப் பெயர்களைக் கூடத்தின் வாயில் பதிவோடும் ஷிப்டு வருகையோடும் ஒப்பிட வேண்டும். ஒரே பேனாவில், ஒரே நேரத்தில் போட்ட இரண்டு கையெழுத்துகள் எத்தனை என்று கண்ணே சொல்லிவிடும்.

நான்காம் படிதான் கடினம்: பலன். இரண்டாவது ஆள் நிற்பதால் குறை பிடிபடுகிறதா? கடந்த மாதங்களில் அவர் ஒருமுறையாவது வேலையை நிறுத்தியிருக்கிறாரா, மறுதெளிப்புக்கு எழுதியிருக்கிறாரா? எல்லாத் தாளும் குறையேதுமின்றி இருந்தால் இரண்டு விளக்கம் சாத்தியம். தரம் உண்மையிலேயே உயர்ந்துவிட்டது, அல்லது இரண்டாவது ஆள் பார்ப்பதில்லை. நுரையை அறுத்துப் பார்த்து உள்ளே வெற்றிடம் இருக்கிறதா என்று தேடினால்தான் எது உண்மை என்று தெரியும். கொலம்பியாவுக்குப் பிறகு தொட்டிகளை அப்படி அறுத்துப் பார்த்தபோதுதான், கையால் தெளித்த இடங்களில் கண்ணுக்குத் தெரியாத வெற்றிடங்களும் பிளவுகளும் இருந்தது தெரிந்தது.

இன்னொரு கேள்வி எல்லாப் படிகளையும் தாண்டி நிற்கிறது, அதைப் பலர் கேட்பதே இல்லை. விதி மாறியது இன்று. விதி மாறுவதற்கு முன் தெளித்துக் கிடங்கில் நிற்கும் தொட்டிகள் என்ன ஆகும்? நடவடிக்கை எதிர்காலத்துக்குச் சரி. கடந்த காலத்தில் செய்த பொருள் இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது. முடிப்பறிக்கையில் ‘அமலுக்கு வந்த நாள்’ என்ற ஒரு வரி எழுதினால், அதற்கு முந்தைய சரக்கின் கதி என்ன என்ற வரியும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

*

2005 ஜூலை 26 அன்று டிஸ்கவரி கிளம்பியது. இரண்டு நிமிடம் தாண்டிச் சில வினாடிகளில், தொட்டியின் பக்கத்திலிருந்து ஒரு பெரிய துண்டு கழன்று பின்னால் பறந்தது. ஏறக்குறைய 400 கிராம் நுரை. ஓடத்தில் படவில்லை. காற்று அடர்த்தியாக இருக்கும் உயரத்தில், ஒரு நிமிடம் முன்னால் பெயர்ந்திருந்தால் கதை வேறாகியிருக்கலாம். மறுநாளே நாசா மேற்கொண்டு பறப்புகளை நிறுத்தியது. டிஸ்கவரி பத்திரமாகத் திரும்பியது. அடுத்த ஓடம் பறக்க ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று.

அது பெயர்ந்த இடம் இருகால் தாங்கி அல்ல. தொட்டியின் பக்கத்தில் ஓடும் குழாய்களையும் கம்பிவடத் தட்டையும் காற்றுச் சுழலிலிருந்து காப்பதற்காகக் கையால் தெளித்து அமைத்திருந்த நீண்ட நுரைச் சரிவு. அதை எடுத்துவிடலாமா என்று ஏவுதலுக்கு முன்பே பேசியிருந்தார்கள். எடுத்தால் குழாய்கள் தாங்குமா என்பதற்குத் தரவு போதவில்லை, இருக்கிறபடியே பறக்கலாம் என்று முடிவெடுத்தார்கள். பிறகு, நிரப்பிக் காலிசெய்து பறக்காமல் விட்ட இன்னொரு தொட்டியைப் பார்த்தபோது அதே சரிவில் விரிசல்கள் இருந்தன. குளிர்ந்து சூடாவதே அதை உள்ளுக்குள் பிளந்திருக்கிறது. தெளித்தவரின் கைமேல் மட்டும் பழிபோட இடமில்லாமல் போயிற்று. அடுத்த பறப்பில் அந்தச் சரிவையே எடுத்துவிட்டார்கள்.

இதை ‘பார்த்தாயா, குழு அப்போதே சொன்னது’ என்று படிப்பது எளிது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்தத் துண்டு பெயர்ந்ததை நாம் எப்படி அறிந்தோம்? தொட்டியிலேயே பொருத்தியிருந்த கேமரா காட்டியது. தரையிலும் வானிலும் கூட்டிய மற்றக் கேமராக்களும் இருந்தன. அதாவது, மூடப்பட்ட வரி ஒன்று திறந்திருந்த வரியைச் சரிபார்த்துக் கொடுத்தது. திருத்த நடவடிக்கைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று தீங்கைத் தடுப்பது, மற்றது தடுப்பு தவறினால் நமக்குச் சொல்வது. இரண்டாவது வகையை முதலில், முழுமையாக மூட வேண்டும். அது உறுதியாக இருந்தால்தான் முதல் வகையைப் பற்றி எழுதும் எந்த வாக்கியத்தையும் பிறகு சோதிக்க முடியும். வாயு கசியாமல் இருக்க வால்வை மாற்றினேன் என்று எழுதுபவர், கசிவு உணரி வேலை செய்கிறதா என்பதை அதற்கு முன் எழுதியிருக்க வேண்டும். உணரி செத்துக் கிடந்தால், மாற்றிய வால்வுக்குப் பிறகு அலாரமே வரவில்லை என்பது எதற்கும் சான்றாகாது.

பணிக்குழுவின் இறுதி அறிக்கை ஆகஸ்டில் வெளிவந்தது. அதில் ஏழு உறுப்பினர்கள் தனியாக ஒரு பின்னிணைப்பு எழுதியிருந்தார்கள். பரிந்துரைகளின் எழுத்து நிறைவேறியிருக்கலாம், ஆனால் கொலம்பியாவுக்கு இட்டுச்சென்ற தலைமைப் பழக்கங்களும் ஆய்வில் கறார் குறைந்த போக்கும் இன்னும் இருக்கின்றன என்பது அவர்களின் வாதம். குழுவின் வேலை 15 வரிகளைப் பார்ப்பது. பறக்கலாமா கூடாதா என்று சொல்லும் அதிகாரம் அதற்கு இல்லை. அந்த ஏழு பேர் தங்கள் வேலையின் எல்லைக்கு வெளியே பார்த்ததை எழுதினார்கள், அதை அறிக்கையிலிருந்து வெட்டாமல் சேர்த்தார்கள். பட்டியலில் இருப்பதைச் சரிபார்க்கப் போகிறவர் கண்ணில், பட்டியலில் இல்லாதது படத்தான் செய்யும். அதற்கு அறிக்கையில் ஒரு பக்கம் ஒதுக்காவிட்டால், அடுத்த விபத்தின் விசாரணையில்தான் அது முதன்முதலாக எழுதப்படும்.

*

2006 ஜூன் மாதம், அடுத்த பறப்புக்கான தயார்நிலைக் கூட்டம். நீண்ட சரிவை எடுத்தாகிவிட்டது. ஆனால் தொட்டியில் பனி பிடிக்காமலிருக்கச் சிறு நுரை மேடுகள் பல இருந்தன, அவற்றின் வடிவம் இன்னும் மாறவில்லை. நாசாவின் தலைமைப் பொறியாளரும் பாதுகாப்புத் தலைவரும், பறக்கச் சம்மதமில்லை என்று கையெழுத்திட வேண்டிய சான்றிதழிலேயே பதிவுசெய்தார்கள். நிர்வாகத் தலைவர் மைக்கேல் கிரிஃபின் அதை ஏற்காமல் பறக்க முடிவெடுத்தார். அந்த இருவரும் மேல்முறையீடு செய்யவில்லை. அவர்கள் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. ஓடம் அடிபட்டால் குழுவினர் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் தங்கிக்கொள்ளலாம். மீட்க இன்னொரு ஓடத்தை அனுப்பலாம். ஆகவே ஓடத்துக்கு ஆபத்து இருக்கிறது, உயிருக்கு அதே அளவு இல்லை.

இந்தத் தர்க்கம் எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால், மூடப்படாத வரியிடம்தான் வந்து நிற்கும். நுரை பெயர்வது முழுதும் நின்றுவிட்டது என்று யாராவது 2005இல் எழுதிக் கையெழுத்திட்டிருந்தால், விண்வெளி நிலையத்தைப் புகலிடமாக வைத்துக்கொள்ளவும் மீட்பு ஓடத்தைத் தயாராக வைக்கவும் யாரும் பணம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். ஒழிந்துவிட்ட ஆபத்துக்கு எதற்கு மாற்று ஏற்பாடு? திறந்திருக்கும் வரி என்பது அசிங்கம் அல்ல. அது ஒரு செலவுக்கான நியாயம். முடிப்பறிக்கையில் ஒரு வரியைத் திறந்து வைப்பவர் அதற்குப் பக்கத்தில் மூன்று விஷயங்களை எழுத வேண்டும். அது மூடப்படும் வரை இடைக்காலத்தில் எது நம்மைக் காக்கிறது, அந்தக் காப்பு எப்போது இல்லாமல் போகும், இல்லாமல் போனால் எந்த வேலை நிற்கும்.

நடுவிலிருக்கும் கேள்விக்கு நாசாவிடம் தெளிவான பதில் இருந்தது. ஹப்பிள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்கப் போகும் ஓடத்தால் விண்வெளி நிலையத்தை எட்ட முடியாது, இரண்டின் சுற்றுப்பாதைகளும் வேறு வேறு. அதாவது அந்த ஒரு பயணத்துக்குப் புகலிடம் இல்லை. 2009 மே மாதம் அட்லாண்டிஸ் ஹப்பிளுக்குக் கிளம்பியபோது, எண்டவர் இன்னொரு ஏவுமேடையில் மீட்புக்குத் தயாராக நின்றது. தேவைப்படவில்லை. ஆனால் அது அங்கே நின்றதற்கு ஒரே காரணம், தொட்டியிலிருந்து இன்னும் ஏதாவது பெயரும் என்ற உண்மை ஆறு ஆண்டு ஆன பின்னும் தாள்களில் உயிரோடு இருந்ததுதான்.

கொலம்பியாவுக்குப் பிறகு 2011 வரை விண்ஓடங்கள் 22 முறை பறந்தன. நுரை பெயர்வது ஒருபோதும் முழுதாக நிற்கவில்லை. 2007இல் எண்டவரின் அடியில் ஒரு துண்டு பட்டு ஓட்டில் பள்ளம் விழுந்தது, விண்வெளியிலேயே அளந்து பார்த்து, அப்படியே இறங்கலாம் என்று முடிவெடுத்தார்கள். பரிந்துரை 3.2-1 அதன் சொற்களின்படி கடைசி வரை நிறைவேறவில்லை. அந்த 22 பயணங்களில் போன எல்லோரும் திரும்பி வந்தார்கள். மூன்று வரிகளை முடிந்ததென்று எழுதாமல் விட்ட அறிக்கைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. நிறைவேறாத ஒன்றை நிறைவேறாதது என்றே எழுதிவைத்தால், அடுத்தடுத்து வருபவர்கள் ஒவ்வொருவரும் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.